வாசலில் தொடங்கி வாசலில் முடிப்பது: கைமாறி வந்த பிரசன்டேஷனுக்கு முதல் வரியும் கடைசி வரியும் எழுதும் முறை

அந்தக் கோப்பின் கடைசி ஸ்லைடில் இப்படி இருந்தது:

```
ed;wp
```

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த 'நன்றி' அது. என் மடிக்கணினியில் பாமினி இல்லை, அதனால் 24 ஸ்லைடும் இந்தக் கோலத்தில்தான் திறந்தன. திருகோணமலை நகரத்தில், கரையோரச் சூழலைப் பற்றி ஊர் மக்களோடு வேலை செய்யும் சின்ன அலுவலகம் எங்களுடையது. எனக்கு முன் இந்த வேலையைச் செய்த அக்கா மட்டக்களப்புக்கு மாறிப் போகும்போது ஒரு பென்டிரைவை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நிலாவெளியில் இருந்து புறாத்தீவுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போகும் படகுக்காரர்களுக்கு, அங்கே கடலுக்குள் இருக்கும் முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையை, காப்பது பற்றிச் சொல்ல வேண்டிய பிரசன்டேஷன் அதில் இருந்தது. கிழக்கில் சீசன் தொடங்குவதற்கு முன், ஏப்ரலில், ஒரு பின்னேரக் கூட்டம். எனக்குக் கிடைத்தது இரண்டு வாரம்.

நடுவில் இருந்த சரக்கு நல்ல சரக்கு. தொடக்கமும் முடிவும்தான் இல்லை. முதல் ஸ்லைடில் நான்கு லோகோ, இரண்டாவதில் 'உள்ளடக்கம்', கடைசியில் மேலே பார்த்த நன்றி. கைமாறி வரும் கோப்புகளில் பெரும்பாலும் இதே கதைதான். எழுதியவர் வாயாலேயே தொடங்கி வாயாலேயே முடித்திருப்பார். அவர் போகும்போது அந்த இரண்டும் அவரோடு போய்விடும், நமக்கு நடுத்துண்டு மட்டும் மிஞ்சும்.

அந்த நடுத்துண்டைக் குலைக்காமல், முன்னும் பின்னும் ஒன்றையொன்று கூப்பிடும்படி இரண்டு வரி எழுதுவது எப்படி என்பதை நான் செய்த ஒழுங்கிலேயே சொல்லுகிறேன்.

எழுத முதல் செய்ய வேண்டியவை

கோப்பை 'Save As' கொடுத்து ஒரு பிரதி எடுங்கள். மூலக்கோப்பில் கை வைக்க வேண்டாம். பாமினியில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். எழுத்துருவின் பெயரை மட்டும் மாற்றினால் வேலை நடக்காது. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள், பாமினி அவற்றுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். இணையத்தில் இருக்கும் பாமினி மாற்றிகளில் ஒவ்வொரு பெட்டியாக ஒட்டி மாற்றினேன். ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. ஆனால் இந்த வேலைக்கு அது அவசியம். பாமினியில் இருக்கும் வரை, ஒரு தமிழ்ச் சொல்லை யூனிகோடில் அடித்து Ctrl+F போட்டால் அது அகப்படாது. கடைசி வரியில் நான் வைக்கப்போகும் சொல் நடுவில் ஏற்கெனவே பத்து இடத்தில் அடிபட்டுத் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, தேடல் வேலை செய்ய வேண்டும்.

அடுத்து, எல்லா ஸ்லைடையும் ஒரே பார்வையில் பாருங்கள். 'Outline View' இதற்குச் சுகமான வழி என்று பலர் சொல்வார்கள். ஆனால் அது தலைப்புப் பெட்டியிலும் உள்ளடக்கப் பெட்டியிலும் இருக்கும் எழுத்தை மட்டுமே காட்டும். தனியாக ஒரு டெக்ஸ்ட் பொக்ஸ் போட்டு எழுதியது அங்கே வராது. அக்காவின் கோப்பில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தது. அதனால் 'Slide Sorter' போட்டு, ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு வசனம் என்று கொப்பியில் கையால் எழுதினேன்.

இந்த 24 வசனத்தையும் வாசித்தால் ஒன்று தெரிய வேண்டும்: எந்த ஸ்லைடில் கேட்பவரிடம் ஒரு காரியத்தைச் செய்யச் சொல்லுகிறது? எங்கள் கோப்பில் அது 22 ஆவது ஸ்லைட். ஐந்து விதிகள் போட்டிருந்தது. முருகைக்கல்லில் நிற்க வேண்டாம், நங்கூரத்தை அதன்மேல் போட வேண்டாம், ஒன்றையும் பொறுக்கி எடுக்க வேண்டாம், மீனுக்குத் தீன் போட வேண்டாம், குப்பையைத் திருப்பிக் கொண்டு வரவேண்டும். ஐந்தும் சரிதான். ஆனால் கடைசி வரி ஐந்தைத் தாங்காது, ஒன்றைத்தான் தாங்கும். எதை எடுப்பது?

அக்காவுக்குப் போன் எடுத்தேன். கைமாறி வந்த கோப்பில் இதைத் தவறவிடாதீர்கள், 15 நிமிடம் போதும். "எப்படிப் பேசினீங்கள்" என்று கேட்டால் "சும்மா சொல்லிக்கொண்டு போறதுதான்" என்ற பதில்தான் வரும். நான் வேறு மாதிரிக் கேட்டேன்.

"அக்கா, எந்தப் படத்துக்குச் சனம் வாய் திறந்தது?"

"பதினாலாவது. அந்தக் கால் படம் இருக்குதே, அதுக்குத்தான் தம்பி. 'இது என்ர படகில வந்த ஆள் இல்ல' எண்டு ஒரு ஐயா சொல்ல எல்லாரும் சிரிச்சவை."

அந்தப் படத்தில், தண்ணீருக்குள் துடுப்புச் சப்பாத்து போட்ட ஒரு கால், கிளை கிளையாக வளர்ந்த முருகைக்கல்லின் மேல் ஊன்றி நிற்கிறது. ஐந்து விதியில் நான் எதைப் பிடிக்க வேண்டும் என்பது அதோடு முடிவாகிவிட்டது. சபை ஏற்கெனவே ஒரு ஸ்லைடைத் தேர்ந்தெடுத்திருக்கும். நாம் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசி வரியை முதலில் எழுதுங்கள்

முதல் வரியில் இருந்து தொடங்கினால் கவர்ச்சியாக ஏதோ ஒன்று வந்துவிடும். நாற்பது நிமிடம் கழித்து அதற்குத் திரும்பி வர வழி இருக்காது. கடைசி வரியில் இருந்து பின்னோக்கிப் போனால் அந்தச் சிக்கல் இல்லை.

நம்மிடம் இதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது, அந்தாதி. ஒரு பாட்டு முடியும் சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். கடைசிப் பாட்டின் முடிவு முதல் பாட்டின் தொடக்கத்தோடு போய்ச் சேரும். இதை மண்டலித்தல் என்பார்கள். அபிராமி அந்தாதியின் முதல் பாட்டு 'உதிக்கின்ற' என்று தொடங்குகிறது, நூறாவது பாட்டு 'உதிக்கின்றவே' என்று முடிகிறது. ஒரே சொல்தான். ஆனால் தொடக்கத்தில் உதிப்பது வானத்துச் செங்கதிர். முடிவில் அம்மையின் சிரிப்பும் கண்ணும் உதிக்கும் இடம் நெஞ்சு. சொல் மாறவில்லை, அது நடக்கும் இடம் வெளியில் இருந்து உள்ளுக்கு வந்துவிட்டது.

எங்கள் வேலைக்கு வேண்டியது இதுதான். முதல் வரியை அப்படியே இன்னொரு தடவை சொன்னால் கேட்பவர் 'முதலும் இதைத்தானே சொன்னான்' என்று நினைப்பார். சொல் அப்படியே இருக்க வேண்டும், அது நிற்கும் இடமோ அதைச் செய்யும் ஆளோ மாறியிருக்க வேண்டும். அந்த மாற்றத்தை உண்டாக்குவது நடுவில் இருக்கும் இருபது ஸ்லைட். மாற்றம் எதுவும் இல்லை என்றால் அந்த இருபது ஸ்லைடும் வீணாகக் காட்டப்பட்டவை.

ஆகவே ஒரு தாளில் இரண்டு கேள்விக்கு விடை எழுதினேன். கூட்டம் முடிந்து அடுத்த நாள் காலை, யார், எங்கே, என்ன செய்ய வேண்டும்? என் விடை: படகுக்காரர், தீவுக் கரையில், பயணிகள் தண்ணீரில் இறங்கும் முன், முருகைக்கல்லில் நிற்க வேண்டாம் என்று வாயால் சொல்ல வேண்டும். இரண்டாவது கேள்வி: இதே போன்ற ஒரு செயலை அவர்கள் தங்கள் வீட்டில் ஏற்கெனவே எங்கே செய்கிறார்கள்?

இந்த இரண்டாவது கேள்வியில்தான் நான் இரண்டு நாள் கிடந்தேன். ஒருவரை ஓர் இடத்துக்குள் விடும் முன் கால் வைப்பதைப் பற்றிச் சொல்வது. நேரே கேட்டுப் பார்த்தால் விடை வாசலிலேயே இருக்கிறது. புதுப் பொம்பிளை வீட்டுக்குள் வரும்போது, புதுவீடு குடிபுகும்போது, என்ன சொல்லுகிறோம்? "வலது காலை வைத்து வாங்கோ."

கடைசி வரியின் முதல் வரைவு அங்கே பிறந்தது: "புறாத்தீவுக்கு வாசலில் நிற்பது நீங்கள். காலை வைக்காமல் வாங்கோ என்று சொல்லுங்கள்." இது இரண்டு தடவை மாறியது, அதைப் பிறகு சொல்லுகிறேன்.

நான் தள்ளிவிட்ட தொடக்கங்கள்

கோப்பில் ஏற்கெனவே இரண்டு தொடக்கம் இருந்தன. அவற்றை ஏன் எடுத்தேன் என்று சொன்னால் உங்கள் கோப்பிலும் இதே வகையைக் கண்டுபிடிப்பீர்கள்.

நான்காவது ஸ்லைட், கடலின் அடித்தளத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான இடத்தில்தான் பவளப்பாறைகள் இருக்கின்றன, ஆனால் கடல் உயிர் வகைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவற்றை நம்பி வாழ்கிறது என்றது. உண்மைதான், நல்ல தகவலும்கூட. ஆனால் அதே வரியை எந்த நாட்டில் எந்தப் பவளப்பாறைப் பேச்சின் தலையிலும் ஒட்டலாம். வேறொரு கோப்பில் ஒட்டினாலும் பொருந்துமா என்று பாருங்கள், பொருந்தினால் அது உங்கள் தொடக்கம் இல்லை. அதோடு, ஒரு புள்ளிவிவரத்துக்குத் திரும்பிப் போக முடியாது. முடிவில் வந்து "அந்த நான்கில் ஒரு பங்கு" என்றால் யாருக்கு நினைவிருக்கும்? அதை நடுவில் விட்டேன், அங்கே அது நன்றாக வேலை செய்கிறது.

மூன்றாவது ஸ்லைடில் 2004 டிசம்பர் 26 இன் படம். கரையில் குவிந்து கிடந்த வள்ளங்கள். இதைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் கோப்பை மூடி வைத்துவிட்டேன். அந்த மண்டபத்தில் இருக்கப்போகிறவர்களில் அன்று வீட்டில் ஆள் இழந்தவர்கள் இருப்பார்கள். அந்தப் படத்தைப் போட்டால் சபை அமைதியாகும், உண்மை. ஆனால் அந்த அமைதி முருகைக்கல்லைப் பற்றியது இல்லை. அடுத்த நாற்பது நிமிடமும் அவர்கள் அந்தப் படத்தில்தான் இருப்பார்கள். பின்னால் வரும் பேச்சு தாங்க முடியாத பாரத்தைத் தொடக்கத்தில் ஏற்றக்கூடாது. கடைசி வரியில் அதற்குத் திரும்பிப் போகவும் முடியாது. திரும்பிப் போகத் தயங்கும் இடத்தில் இருந்து தொடங்கவே வேண்டாம். சுனாமியோ போரோ, எங்கள் பக்கத்தில் இந்த எச்சரிக்கை அடிக்கடி தேவைப்படுகிறது.

நானாக யோசித்து எழுதிய ஒன்றும் குப்பைக்குப் போனது. புறாத்தீவு 2003 இல் தேசியப் பூங்கா ஆனது என்று தொடங்கி, "பூங்காவுக்குக் காவலாளி யார்?" என்று முடிப்பதாக ஒரு திட்டம். காதுக்கு நன்றாக இருந்தது. ஆனால் பூங்கா என்றதும் படகுக்காரர்களுக்கு நினைவு வருவது டிக்கெட்டும் வனஜீவராசிகள் திணைக்களமும்தான். கேள்வி கேட்ட உடனே "திணைக்களம்தான்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள், அதோடு என் முடிவு போயிருக்கும். கேள்வியாகத் தொடங்குவதானால், சபை எதிர்பாராத விடை சொன்னாலும் உங்கள் பாதை உடையாததாக இருக்க வேண்டும். "புதுவீட்டு வாசலில் என்ன சொல்லுவீங்கள்?" என்ற கேள்விக்கு ஒரே விடைதான் வரும்.

சபையின் சொல்

கோப்பு முழுக்க 'பவளப்பாறை' என்று இருந்தது. நிலாவெளியில் படகில் நிற்கும் ஒருவர் அந்தச் சொல்லைப் பேசி நான் கேட்டதில்லை. அவர்களுக்கு அது முருகைக்கல். முதல் வரியும் கடைசி வரியும் நினைவில் ஒட்ட வேண்டுமானால் அவை வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்லால் ஆகியிருக்க வேண்டும். நடுவில் இருக்கும் ஸ்லைடுகளிலும் 'பவளப்பாறை'யைத் தேடி மாற்றினேன். யூனிகோட் ஆக்கியதன் பலன் இங்கே முதல் தடவையாகக் கைக்கு வந்தது.

இன்னொன்று சபையின் கலவை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று பேரும் இருப்பார்கள். வலது கால் என்பது ஒரு வீட்டுச் சடங்கோடு நின்றுவிட்டால் பாதிச் சபை வெளியே நிற்கும். பள்ளிவாசலுக்குள் போகும்போதும் வலது காலைத்தான் முதலில் வைப்பார்கள் என்பது என் பக்கத்து மேசை நண்பர் சொன்னது. அதைக் கேட்ட பிறகுதான் இந்த வரியை நம்பினேன். 'வாங்கோ'வா 'வாங்க'வா என்று அவரோடு ஒரு சின்னச் சண்டையும் நடந்தது. நான் பேசுவது 'வாங்கோ', அப்படியே விட்டேன். பேசுபவரின் வாய்க்கு வராத சொல்லை அந்த இரண்டு வரியில் வைத்தால் நாக்கு இடறும்.

சிங்களம் பேசுபவர்களுக்காக மொழிபெயர்ப்பவர் ஒருவர் இருந்தார். இந்த இரண்டு வரியையும் முதல் நாளே அவருக்கு எழுதிக் கொடுத்தேன். தொடக்கத்தில் 'கால் வைப்பது' என்பதற்கு அவர் எந்தச் சொல்லைப் போடுகிறாரோ அதையேதான் முடிவிலும் போட வேண்டும் என்று சொன்னேன். சொல்லாமல் விட்டால் நல்ல மொழிபெயர்ப்பாளர் அழகுக்காக வேறு சொல் போடுவார், அந்தக் காதுகளில் திரும்பி வந்த ஒலி கேட்காது. சொல்விளையாட்டாக இருந்திருந்தால் இதுவும் நடந்திராது. செயலை வைத்து எழுதியது மொழி தாண்டிப் போகும், சிலேடை போகாது.

முதல் வரி

முடிவு கையில் இருப்பதால் இது ஒரு மணி நேர வேலைதான். இப்படி எழுதினேன்:

"புதுவீட்டுக்கு வருகிறவரை வாசலில் நின்று என்ன சொல்லிக் கூப்பிடுவீங்கள்?" (விடை வரும் வரை பொறுத்திருப்பது.) "ஓம், வலது காலை வைத்து வாங்கோ. ஏன் சொல்லுகிறோம்? வீடு எங்களுடையது, வருகிறவருக்கு முறை தெரியாது. சரி, புறாத்தீவுக்கு வருகிறவருக்கு நாங்கள் என்ன சொல்லுகிறோம்?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை. விடையைக் கடைசி வரைக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். தூண்டிலை வீசிய உடனே இழுப்பவருக்கு மீன் அகப்படாது. முழுத் தொடக்கமும் சபையின் பதிலோடு சேர்த்து நாற்பது விநாடி. அதற்கு மேல் நீண்டால் கதையாகிவிடும்.

லோகோ ஸ்லைடை என்ன செய்வது? உதவி தருபவர்களின் லோகோ முதல் ஸ்லைடில் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தத்தில் இருந்தது. அதை எடுக்கவில்லை. ஆட்கள் வந்து கதிரையில் அமரும் நேரம் முழுக்க அது திரையில் கிடந்தது. நான் எழுந்ததும் இரண்டாவது ஸ்லைடுக்குப் போனேன். 'உள்ளடக்கம்', சுனாமிப் படம் இரண்டையும் வலது கிளிக் செய்து 'Hide Slide' கொடுத்தேன். அழிக்கவில்லை. மறைத்த ஸ்லைட் ஓட்டத்தில் வராது, ஆனால் தேவைப்பட்டால் அதன் இலக்கத்தை அடித்து Enter தட்டினால் வரும். இன்னொருவர் செய்த வேலையில் இது மரியாதையான வழி என்று எனக்குப் படுகிறது.

இரண்டாவது ஸ்லைடில் எழுத்து இல்லை. ஒரு வீட்டு வாசற்படி, படிக்கு வெளியே கழற்றி விட்ட செருப்புகள், போனில் நானே எடுத்த படம். கடைசி ஸ்லைடுக்கு அதே மாதிரி இன்னொன்று: தீவுக் கரையில் ஏறி நிற்கும் படகின் முன்பக்கம், அதன் அடியில் கழற்றி விட்ட செருப்புகள். இரண்டையும் ஒரே உயரத்தில், ஒரே தூரத்தில் இருந்து எடுத்தேன். செருப்பு இரண்டிலும் திரையின் இடது கீழ் மூலையில் வருகிறது. இதை யாரும் கவனித்துச் சொல்லப்போவதில்லை. கடைசிப் படம் வந்ததும் 'இதை முதலே பார்த்தோமே' என்று கண்ணுக்குப் படும், அது போதும்.

நடுவில் ஒரே ஒரு தொடுகை

நாற்பது நிமிடம் நீண்ட நேரம். தொடக்கத்தில் சொன்ன வாசலை நடுவில் ஒரு தடவையாவது தொடாவிட்டால் முடிவில் அது திடீரென்று வந்த மாதிரி இருக்கும். பிந்தி வருபவர்களுக்கும் இது வேண்டும். நாலு மணிக் கூட்டத்துக்கு நாலரைக்கு வருகிறவர்கள் முதல் வரியைக் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

தொடுகைக்கு இடம் ஏற்கெனவே இருந்தது, அந்தக் கால் படம். ஸ்லைடில் ஒன்றையும் மாற்றவில்லை, நோட்ஸ் பகுதியில் ஒரு வசனம் மட்டும் சேர்த்தேன்: "புதுவீட்டுக்கு வருகிறவருக்குச் சொல்லுகிறோம். இவருக்கு வாசலில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை." அதற்குப் பிறகு அக்கா எழுதி வைத்திருந்த விளக்கம் அப்படியே வரும். கிளை முருகைக்கல் வருடத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் அளவில் வளரக்கூடும், உருண்டைக் கல்லாக வளரும் வகை ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும், ஒரு மிதியில் உடைவது எத்தனை வருடம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

ஒரு தடவைதான் தொட வேண்டும். எனக்கு ஆசை பிடித்து, நங்கூர ஸ்லைடிலும் குப்பை ஸ்லைடிலும் 'வாசல்' என்று போட்டிருந்தேன். ஒத்திகையில் நண்பர் மூன்றாவது வாசலுக்குச் சிரித்துவிட்டார். நாலாவது தடவை அந்தச் சொல் முடிவில் வரும்போது அதில் உயிர் இருக்காது. Ctrl+F போட்டு அந்த இரண்டையும் எடுத்தேன்.

கடைசி வரி உடைந்து திருந்திய கதை

முதல் வரைவு "காலை வைக்காமல் வாங்கோ என்று சொல்லுங்கள்" என்று முடிந்தது. அலுவலகத்துக்கு மீன் கொண்டு வரும் ஐயாவிடம் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் சொல்லிக் காட்டினேன். இது நல்ல பரீட்சை. நடுவைக் கேட்காத ஒருவர் இரண்டு வரிக்கும் இடையில் எது மாறியது என்று ஊகிக்க வேண்டும். அவர் உடனே கேட்டார்: "கரையில கால் வைக்காமல் எப்படி இறங்கிறது?"

ஞாயம்தானே. படகு மணலும் உடைந்த முருகைக்கல்லும் கிடக்கும் கரையில் போய் நிற்கிறது, ஆட்கள் காலை வைத்துத்தான் இறங்குகிறார்கள். பிறகு தண்ணீருக்குள் போகும்போது, ஆழம் குறைந்த இடத்தில் களைத்துப்போய் எழுந்து நிற்பதுதான் பிரச்சினை. காதுக்கு இனிமையான எதிரொலிக்காக விஷயத்தில் பிழை விட்டிருக்கிறேன். படகுக்காரர்கள் அந்த இடத்திலேயே பிடித்திருப்பார்கள், முழுப் பேச்சும் சிரிப்பில் முடிந்திருக்கும்.

இரண்டாம் வரைவு: "கரையில் காலை வையுங்கோ, ஆனால் தண்ணீருக்குள் போன பிறகு முருகைக்கல்லில் காலை வைக்காமல் நீந்துங்கோ என்று நீங்கள் சொல்ல வேண்டும்." பிழை போய்விட்டது, வரியும் செத்துவிட்டது. 22 ஆவது ஸ்லைட் ஏற்கெனவே சொன்ன விதியை நீட்டி முழக்கியிருக்கிறேன். விளக்கத்தின் வேலை வேறு, கடைசி வரியின் வேலை வேறு. விளக்கம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது இது, இதுதான் நின்றது:

"வீட்டு வாசலில் வலது காலை வைத்து வாங்கோ என்கிறோம். நாளைக் காலை புறாத்தீவில் வாசலில் நிற்கப்போவது நீங்கள். முருகைக்கல்லில் எந்தக் காலையும் வைக்காமல் வாங்கோ."

'சொல்லுங்கள்', 'சொல்ல வேண்டும்' இரண்டையும் எடுத்ததில்தான் வரி எழும்பியது. கடைசி வசனத்தை நான் பயணியிடம் சொல்லுகிற மாதிரிச் சொல்லிக் காட்டிவிட்டு நிறுத்துகிறேன். படகுக்காரர் அடுத்த நாள் சொல்ல வேண்டிய வசனம் அவர் காதில் அப்படியே விழுகிறது. 'வலது காலை வைத்து' என்பது 'எந்தக் காலையும் வைக்காமல்' ஆனதும், வீட்டு வாசல் தீவின் வாசல் ஆனதும் தவிர வேறு எதுவும் மாறவில்லை. முதல் வரியைத் தவறவிட்டவருக்கும் பொருள் புரியும், ஏனென்றால் முதல் பாதியில் அது சுருக்கமாகத் திரும்பி வருகிறது.

கேள்வி நேரத்தை எங்கே வைப்பது

நல்ல கடைசி வரிகள் பெரும்பாலும் இங்கேதான் வீணாகின்றன. நாம் அழகாக முடிப்போம், பிறகு "கேள்விகள்?" என்போம். டிக்கெட் விலையைப் பற்றி ஒருவர், எண்ணெய் விலையைப் பற்றி இன்னொருவர், இருபது நிமிடம். கடைசியில் சபையின் காதில் மிஞ்சுவது எண்ணெய் விலை.

நான் கேள்வியை ஐந்து விதி ஸ்லைடுக்குப் பிறகு வைத்தேன். "கேள்விகளைக் கேளுங்கோ, அதுக்குப் பிறகு ஒரே ஒரு வசனம் சொல்லி விடுகிறேன்" என்று முன்கூட்டியே சொன்னேன். இல்லாவிட்டால் கேள்வி முடிந்ததும் எழுந்துவிடுவார்கள். கேள்வி நடக்கும் வரை திரையில் அந்த ஐந்து விதிகளே இருந்தன. பிறகு கடைசிப் படம், மூன்று வசனம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு கிளிக்கரைத் தொட வேண்டாம். இன்னொரு தடவை அழுத்தினால் கறுப்புத் திரை வரும், அதற்கும் மேல் அழுத்தினால் பவர்பொயின்ட் வெளியே வந்து உங்கள் எல்லா ஸ்லைடையும் சபைக்குக் காட்டும்.

கோப்பில் கடைசிக்கு முந்தியதாக ஒரு சூரிய அஸ்தமனப் படமும், இயற்கையைக் காப்போம் என்ற வாசகமும் இருந்தன. அதையும் மறைத்தேன். ஒரு பேச்சுக்கு ஒரு முடிவுதான் இருக்கலாம்.

மூன்று வசனத்தையும் திரை இல்லாமல் சொல்லப் பழகுங்கள். அன்று பல்நோக்கு மண்டபத்தில் கேள்வி நேரத்தின் நடுவில் கரண்ட் போய்விட்டது. செருப்புப் படம் கடைசி வரை வரவில்லை. யன்னல் வெளிச்சத்தில் நின்று சொன்னேன். சொல்லி முடித்ததும் கொஞ்சம் அமைதி, பிறகு பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் "வைக்காமல் வாங்கோவாம்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். நான் எதிர்பார்த்த கைதட்டலைவிட அது எனக்கு உதவியாக இருந்தது, வரி வாயில் ஏறுகிறது என்று தெரிந்தது.

அடுத்தவருக்கு விட்டுப்போகும் குறிப்பு

இந்தக் கோப்பு என்னோடு முடியாது. வாசல் படம் உள்ள ஸ்லைடின் நோட்ஸில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "இது கால் படத்தோடும் கடைசிப் படத்தோடும் கட்டிய ஸ்லைட். மூன்றில் ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டையும் மாற்றவும். எங்கே சொல்லப் போகிறோமோ அங்கே உள்ள சொல்லைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும்." தொடக்க வரியையும் கடைசி வரியையும் முழுமையாக எழுதி, எத்தனை விநாடி பொறுத்திருக்க வேண்டும் என்பதையும் குறித்தேன். 'Embed fonts in the file' என்பதையும் போட்டு வைத்தேன், அடுத்தவரின் கணினியில் எந்த எழுத்துரு இருக்கும் என்று யார் கண்டது.

அக்காவின் கடைசி ஸ்லைட் இன்னும் கோப்பில் இருக்கிறது. எல்லாவற்றையும் யூனிகோட் ஆக்கியபோது அதை மட்டும் விட்டுவிட்டேன். மறைத்து வைத்திருக்கிறேன், இன்னும் `ed;wp` என்றுதான் திறக்கும்.